கெட்டில் மூக்குக்கும் வெள்ளை ஆவிக்கும் நடுவே: ஆறாம் வகுப்பில் ஒரு பாடத்தின் நிகழ்வு ஆய்வு

ஆறாம் வகுப்பில் பருப்பொருளின் நிலைகள் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். கேட்டால் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: பனிக்கட்டி திண்மம், நீர் திரவம், நீராவி வாயு. தேர்விலும் அதையே எழுதுவார்கள், நானும் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். போன வருடம் பாடத்தைத் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். "வீட்டுல அடுப்புல தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு படம் வரைங்க. எங்க தண்ணி இருக்கு, எங்க நீராவி இருக்கு, எங்க காத்து இருக்குன்னு அம்புக்குறி போட்டு எழுதுங்க" என்றேன். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான், இத்தனை வருடமாக நான் திருத்திய சரியான பதில்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்தது.

எங்களுடையது கடலோரக் கிராமத்துப் பள்ளி. வகுப்பில் 28 பேர். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மீன்பிடித் தொழில், அதனால் ஐஸ் அவர்களுக்குப் புதிதில்லை. ஐஸ் பாளம் எப்படி உடைப்பது, மரத்தூள் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாடத்துக்கு நான் ஒதுக்கியது இரண்டு நாளில் மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒரு வாரம் கழித்து மறுபடி வரையச் சொல்ல இன்னொரு பாடவேளை.

முதல் படங்கள்

படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாத்திரத்துக்கு மேலே சுருள் சுருளாக வெள்ளைப் புகை. அதற்கு அம்புக்குறி போட்டு 'நீராவி' என்று எழுதியிருந்தார்கள். தண்ணீருக்குள் வட்ட வட்டமாகக் குமிழிகள், அவற்றுக்கு 'காற்று' என்று பெயர். ஒரு சிறுமி மட்டும் குமிழிக்குள் 'சூடு' என்று எழுதியிருந்தாள். ஒரு பையன் பாத்திரத்தின் மூடியையும் வரைந்து, அதன் அடிப்பக்கம் துளிகள் போட்டு, 'வேர்வை' என்று குறித்திருந்தான்.

1983இல் நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கொதிக்கும் கெட்டிலைக் காட்டி, அந்தக் குமிழிகள் எதனால் ஆனவை என்று கேட்டபோது வந்த பதில்கள்: சூடு, காற்று, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், நீராவி. என் வகுப்புத் தாள்களில் முதல் இரண்டும் அப்படியே இருந்தன. நீராவி என்று ஒருவரும் எழுதவில்லை.

இதில் பிள்ளைகள் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோளாறு பெரும்பாலும் நம் சொல்லில்தான் இருக்கிறது. வீட்டில் "சோத்துல ஆவி பறக்குது" என்கிறோம். "இட்லிய ஆவியில வேக வை" என்கிறோம். முதல் வாக்கியத்தில் ஆவி என்பது கண்ணுக்குத் தெரியும் வெண்புகை. அது வாயுவே இல்லை, காற்றில் மிதக்கும் மிகச் சின்ன நீர்த்துளிகளின் கூட்டம். இட்லிப் பானைக்குள் மாவை வேகவைப்பதோ கண்ணுக்குத் தெரியாத வாயு. இரண்டுக்கும் ஒரே பெயர். பாடப்புத்தகம் வந்து 'நீராவி ஒரு வாயு' என்று சொல்லும்போது, தான் நேற்று சமையலறையில் பார்த்த வெள்ளைப் புகையைத்தான் பிள்ளை வாயு என்று எடுத்துக்கொள்கிறது. வாயு கண்ணுக்குத் தெரியும் என்றும் அதோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது. புத்தகத்தில் கெட்டில் மேல் வரைந்திருக்கும் வெள்ளைச் சுருள் அந்த எண்ணத்தை இன்னும் கெட்டிப்படுத்துகிறது.

ஆக, எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத நீர் ஒன்று இருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதைப் படத்தில் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

ஐஸ் உருகும்போது வெப்பமானி ஏன் நகரவில்லை

முதல் பாடவேளை பனிக்கட்டிக்கு. ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு துண்டு வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம். மீன் பெட்டியில் வைத்த ஐஸில் உப்பு ஒட்டியிருக்கும், உப்பு இருந்தால் வெப்பமானி 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதனால் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிக்கொண்டோம். வாயில் போடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அது குடிநீரில் செய்ததா என்று நமக்குத் தெரியாது.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. நெல்லிக்காய் அளவுத் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு வெப்பமானியை நட்டு வைத்தேன். ஒரு குழுவுக்கு 2 டிகிரி, இன்னொன்றுக்கு 4, மூன்றாவதுக்கு 3. "கொஞ்சம் கொஞ்சமா சூடாகுது டீச்சர்" என்றார்கள். பாடம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான முடிவு. காரணம் என்னவென்று பார்த்தால், ஐஸ் துண்டுகள் மேலே மிதந்தன, வெப்பமானியின் குமிழ் அடியில் இருந்த உருகிய தண்ணீரில் இருந்தது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, மேலே ஐஸ் இருந்தும் கீழே 0 வருவதில்லை. கலக்காமல் விட்டால் இப்படித்தான் காட்டும்.

இரண்டாவது முறை ஐஸைத் துணியில் கட்டித் தட்டி, பொடியாக்கினோம். 250 கிராம் பொடி ஐஸ், அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அந்த எவர்சில்வர் பாத்திரத்தை, 3 லிட்டர் குழாய்த் தண்ணீர் உள்ள ஒரு தொட்டிக்குள் இறக்கி வைத்தோம். உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே தொட்டித் தண்ணீரில் ஒரு வெப்பமானி. ஒரு பிள்ளை நிறுத்தாமல் கலக்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் படித்துக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

உள்ளே இருந்தது 0, 0, 0 என்றே நின்றது. ஐஸ் கரைந்துகொண்டே போனது, எண் நகரவில்லை. வெளியே தொட்டியில் 29 டிகிரியில் தொடங்கிய தண்ணீர் ஐஸ் முடியும் நேரத்தில் 22க்கு வந்துவிட்டது. ஐஸின் கடைசித் துணுக்கு மறைந்ததும் உள்ளே இருந்த எண் 1, 3, 6 என்று ஓட ஆரம்பித்தது. அப்போது ஒரு பையன் கேட்டான்: "வெளிய இருக்கிற தண்ணி சூட்டை இழந்துடுச்சு, உள்ள இருக்கிறது சூடாகல. அப்போ சூடு எங்க போச்சு டீச்சர்?"

இந்தக் கேள்வி வருவதற்காகத்தான் தொட்டியை வைத்தேன். ஐஸை வெறுமனே மேசையில் உருகவிட்டால் சூடு எங்கிருந்து வந்தது என்பது கண்ணில் படாது, அறைக் காற்றில் அது தெரியாமல் போய்விடும். தொட்டித் தண்ணீர் 7 டிகிரி குறைந்ததை எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள். துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விடுவிக்கவே அந்தச் சூடு முழுவதும் செலவாகிவிட்டது, அவற்றை வேகமாக ஆட்டுவதற்கு மிச்சமில்லை என்று சொன்னேன்.

ஆசிரியர்களுக்காக ஒரு கணக்கு. 1 கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் வேண்டும். 1 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அப்படியானால் 0 டிகிரி ஐஸை 0 டிகிரித் தண்ணீராக்கும் சூட்டை வைத்து, அதே அளவு தண்ணீரை 0இலிருந்து ஏறக்குறைய 80 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். எங்கள் 250 கிராமுக்கு சுமார் 83,500 ஜூல். 3 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினால் 12,600 ஜூல் கொடுக்கும். வகுத்தால் 6.6 டிகிரி. தொட்டி காட்டிய 7 டிகிரியோடு இது ஓரளவு ஒத்துப்போகிறது. பிள்ளைகளுக்கு ஜூல் சொல்லவில்லை, 80 டிகிரி என்பதை மட்டும் சொன்னேன். கை சுடும் வெந்நீரின் சூடு அது.

ஐஸ் உருக இவ்வளவு சூடு வேண்டும் என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி. கிளாஸ்கோவில், 1760களின் தொடக்கத்தில். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றில் ஐஸ், ஒன்றில் உறையும் நிலையை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய அறையில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் ஏறிய வெப்பநிலைக்கு, ஐஸ் உருகி வந்து சேர பத்தரை மணி நேரம் ஆனது. இந்தக் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. பத்தரை மணி நேரம் ஒருவர் காத்திருந்தார் என்பது அவர்களுக்குப் பிடித்துப்போனது.

டம்ளருக்கு ஏன் வேர்க்கிறது

இரண்டாவது பாடவேளை. எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி வைத்தேன். எங்கள் ஊர்க் காற்று ஈரமானது, ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முழுக்கத் துளிகள். "வேர்க்குது டீச்சர்." ஏன் வேர்க்கிறது? "உள்ள இருக்கிற தண்ணி கசிஞ்சு வெளிய வருது."

வேர்வை உடம்புக்குள்ளிருந்து வருகிறது. டம்ளருக்கு வேர்க்கிறது என்றால் அதுவும் உள்ளிருந்துதானே வர வேண்டும்? நம் மொழி கொடுத்த உவமையை அவர்கள் நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார்கள். அதனால் தப்பு என்று சொல்லவில்லை. "கசியுதுன்னா எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டேன். தண்ணீரில் கலர் போடலாம் என்று ஒரு சிறுமி சொன்னாள். பொங்கலுக்கு வாங்கிய கோலப்பொடி கொஞ்சம் கலந்தோம். வெளியே வந்த துளிகளை வெள்ளைத்தாளில் ஒற்றினால் நிறமே இல்லை. சமையல் தராசிலும் வைத்தோம். மூடியோடு 312 கிராம் இருந்த டம்ளர் 20 நிமிடத்தில் 315 ஆனது. கசிந்திருந்தால் எடை கூட வழியில்லை. ஐஸ் போடாத இன்னொரு டம்ளர் பக்கத்திலேயே இருந்தது, அதன் எடை மாறவில்லை. தராசு 1 கிராம் துல்லியம் உள்ளதுதான், அதனால் சில நிமிடம் மட்டும் வைத்தால் எதுவும் தெரியாது. காய்ந்த வெயில் காலத்திலும் மலைப்பகுதியிலும் இந்த எண் இன்னும் சின்னதாக வரும்.

சரி, கசியவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். உடனே அடுத்த விளக்கம் வந்தது: "அப்போ ஐஸோட குளிர்ச்சி வெளிய வந்து தண்ணியா மாறுது." இது முந்தையதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில். கலரும் தராசும் இதை ஒன்றும் செய்ய முடியாது, எடை கூடியதுகூட இதற்கு ஆதரவுதான். இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இரவு யோசித்து மறுநாள் ஒரு சோதனையோடு போனேன்.

காய்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டினேன். அதை ஐஸ் பொடிக்குள் அரை மணி நேரம் புதைத்து, எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். பையின் வெளிப்பக்கம் துளிகள் பூத்தன. பைக்குள் இருந்த தட்டு காய்ந்தே இருந்தது. தட்டுதான் குளிர்ச்சி, குளிர்ச்சி தண்ணீராக மாறுமென்றால் தட்டின் மேலேயே நனைந்திருக்க வேண்டும். பிறகு பையைக் கிழித்துத் தட்டை வெளியே எடுத்தேன், கண்ணெதிரே அது மங்கியது. வகுப்பில் ஒரு நொடி சத்தமே இல்லை. "காத்துல இருந்து வருது!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நீராவி முதல் தடவையாக வகுப்புக்குள் வந்தது. அடுப்பு இல்லை, புகை இல்லை. அறைக் காற்றிலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீர்.

கெட்டில்

மூன்றாவது பாடவேளைக்கு டீக்கடையில் இருக்கும் மாதிரி நீள மூக்குள்ள அலுமினிய கெட்டில் ஒன்று. மின்சார கெட்டில் கொதித்ததும் தானாக அணைந்துவிடும், பார்க்க நேரம் கிடைக்காது. பாதி மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும், நிறைத்தால் மூக்கு வழியாகத் தண்ணீரே தெறிக்கும். அடுப்பை நான் மட்டுமே தொட்டேன். பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி அரைவட்டமாக. நீராவி வெந்நீரைவிட மோசமாகச் சுடும், தோலில் படும்போது அது தண்ணீராக மாறி தன் சூட்டையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் கறுப்புத் துணி ஒன்று தொங்கவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். கறுப்புத் துணி இல்லாமல் முதலில் செய்து பார்த்ததில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை.

நன்றாகக் கொதித்து மூக்கிலிருந்து வேகமாக வந்ததும், "வெள்ளையா இருக்கிறது எங்க ஆரம்பிக்குது, விரல் நீட்டிக் காட்டுங்க" என்றேன். மூக்கின் நுனியில் என்று எல்லாரும் காட்டினார்கள். "நல்லாப் பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு விரலாக வலப்பக்கம் நகர்ந்தது. மூக்கு நுனிக்கும் வெள்ளைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி தெரிந்தது.

நீளக் கைப்பிடி உள்ள, குளிர்ந்த கரண்டி ஒன்றை அந்த இடைவெளியில் நீட்டினேன். வெளியே எடுத்தபோது தண்ணீர் சொட்டியது. ஒன்றும் இல்லாத இடத்தில் நனைந்த கரண்டி! அதுதான் நீராவி. மூக்கை விட்டு வெளியே வரும்போது அது சூடான வாயு, நிறமில்லை. அறைக் காற்றோடு கலந்து குளிர்ந்ததும் சின்னஞ்சிறு துளிகளாகச் சேர்கிறது, அந்தத் துளிகள் டார்ச் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் வெள்ளையும் மறைகிறது. துளிகள் மறுபடி வாயுவாகிக் காற்றில் கலந்துவிட்டன. இதற்கும் ஒரு சோதனை உண்டு: வெள்ளைப் பகுதிக்கு அடியில் எரியும் மெழுகுவத்தியை நீட்டினால், சுடருக்கு மேலே அந்த வெள்ளை காணாமல் போகும்.

இடைவெளியின் நீளம் எப்போதும் ஒன்றாக இருக்காது. தீயை ஏற்றினால் நீளும், குறைத்தால் சுருங்கும். மழைநாளில் வெள்ளைப் பகுதி நீளமாக இருக்கும், சித்திரை வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும். இதை அறியாமல், இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

பெயரையும் அப்போதே பிரித்துக்கொண்டோம். தெரிவது 'துளி மேகம்', தெரியாதது 'நீராவி'. வீட்டில் ஆவி என்று சொல்வதை யாரும் மாற்றத் தேவையில்லை, படத்தில் குறிக்கும்போது மட்டும் இந்த இரண்டு பெயர்.

குமிழி மீதம் இருந்தது. அடுப்பில் வைத்ததும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொடிக் குமிழிகள் உண்மையிலேயே காற்றுதான், தண்ணீரில் கரைந்திருந்தது சூட்டில் வெளியேறுகிறது. அதனால் 'காற்று' என்று எழுதியவர்கள் பாதி சரி. ஆனால் பத்து நிமிடம் கொதித்த பிறகும் பெரிய குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன, காற்று எப்போதோ தீர்ந்துவிட்டது. அவை நீராவி. இதை நம்பவைக்க பலூன் உதவியது. சூடு தாங்கும் கண்ணாடிக் கூம்புக் குடுவையில் கொஞ்சம் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, நீராவி உள்ளிருந்த காற்றையெல்லாம் தள்ளி வெளியேற்றிய பின் அடுப்பை அணைத்து, துணி பிடித்து, வாயில் பலூனை மாட்டினேன். குடுவை ஆற ஆற பலூன் உள்பக்கமாகப் புரண்டு குடுவைக்குள்ளே இறங்கி, உள்ளே ஊதியது போல நின்றது. உள்ளே இருந்தது காற்றாக இருந்திருந்தால் கொஞ்சம்தான் சுருங்கியிருக்கும். நீராவியாக இருந்ததால் ஏறக்குறைய எல்லாமே சில துளித் தண்ணீராகிவிட்டது. சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது, வெடித்துவிடும்.

துகள்களை வரைவது

கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, திண்மத்தில் புள்ளிகளை நெருக்கமாகவும், திரவத்தில் கொஞ்சம் தள்ளியும், வாயுவில் இன்னும் தள்ளியும் வரைவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் வரைந்து வந்தேன். தண்ணீருக்கு அந்தப் படம் இரண்டு இடத்தில் பொய் சொல்கிறது.

முதலாவது, திரவம். தண்ணீரில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நகர்கின்றன, பெரிதாக இடைவெளி விடுவதில்லை. ஐஸில்தான் தண்ணீரைவிடக் கொஞ்சம் இடம் அதிகம். அதனால்தான் ஐஸ் மிதக்கிறது, உறையும்போது பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. ஃபிரீசரில் நிறைத்து வைத்த தண்ணீர் பாட்டில் உப்பிப்போவதை வீட்டில் பார்த்திருப்பவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே ஐஸுக்கு வரிசையாக, நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளோடு, நீருக்கு ஒழுங்கில்லாமல் ஆனால் முட்டி மோதி வரைய வேண்டும். மற்ற பெரும்பாலான பொருள்களில் திண்மமே நெருக்கமானது, தண்ணீர் விதிவிலக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, வாயு. இங்கே பொய் மிகப் பெரியது. கொதிநிலையில் தண்ணீர் நீராவியாகும்போது பருமன் ஏறக்குறைய 1,700 மடங்கு ஆகிறது. 1 மில்லி தண்ணீர் 1.7 லிட்டர் நீராவி. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பிரித்தால் ஒவ்வொரு திசையிலும் 12 மடங்கு. நோட்டில் தண்ணீர்த் துகளை ஒரு சென்டிமீட்டர் வட்டமாக, தொட்டுத்தொட்டு வரைந்தால், நீராவியில் அடுத்த வட்டம் 12 சென்டிமீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். ஒரு நோட்டுப் பக்கத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் இடமில்லை. பிள்ளைகளைப் பக்கத்தை அளந்து வரையச் சொன்னேன். "மிச்ச இடம் காலியா இருக்கு டீச்சர், என்ன வரையட்டும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஒன்றும் வரையாதே என்றேன். "அங்க காத்து இருக்குமே?" காற்றும் துகள்தான், இந்தப் படம் நீராவி மட்டும் உள்ள படம் என்றேன். அவளுக்கு அது திருப்தியாகவே இல்லை. நடுவில் எதுவுமே இல்லை என்பது அவர்களுக்கு மிகக் கடினமான எண்ணம். ஒரு பாடவேளையில் அது போய்விடும் என்று நான் நம்பவில்லை.

துகளின் அளவிலும் கவனம் வேண்டும். வாயுவில் துகள் உப்பிப் பெரிதாகிறது என்று சிலர் பெரிய வட்டம் போட்டார்கள், ஐஸ் துகளைச் சதுரமாக இரண்டு பேர் வரைந்திருந்தார்கள். மூன்று படத்துக்கும் ஒரே பத்துப் பைசா நாணயத்தை வைத்து வட்டம் இழுக்கச் சொன்னதும் அது சரியானது. சொல்லித் திருத்துவதைவிட நாணயம் வேகமாக வேலை செய்தது.

ஒரு வாரம் கழித்து

அதே படத்தை மறுபடி வரையச் சொன்னேன். இந்த முறை பெரும்பாலான தாள்களில் மூக்கு நுனியில் இடைவெளி இருந்தது. அதற்கு 'நீராவி', அடுத்த வெள்ளைக்கு 'துளி மேகம்', அதற்கும் அப்பால் மறுபடி 'நீராவி'. குமிழிகளில் பாதிப் பேர் மட்டும் மாறியிருந்தார்கள், மற்றவர்கள் 'காற்று' என்றே விட்டிருந்தார்கள். பலூன் சோதனையை முன்வரிசை மட்டும் சரியாகப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

கூடவே ஒரு புதுக் கேள்வியும் கொடுத்திருந்தேன்: கொடியில் காயும் ஈரத் துணியில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது? இதில்தான் என் பாடத்தின் குறை வெளியே வந்தது. "100 டிகிரி வந்தாத்தான் ஆவியாகும், துணி அவ்வளவு சூடாகாது, அதனால தண்ணி கீழ சொட்டிடும்" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே எழுதியிருந்தார்கள். டம்ளர் சோதனையில் காற்றில் நீராவி இருக்கிறது என்று பார்த்தவர்கள்தான். அது காற்றுக்குள் எப்படிப் போனது என்று நான் கேட்கவே இல்லை. அதன் பிறகு கெட்டிலை ஒரு பாடவேளை முழுக்கக் காட்டியதில், கொதித்தால்தான் நீராவி என்று பதிந்துவிட்டது.

அடுத்த நாளே பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினேன். சிலேட்டில் ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர், சுற்றிலும் சாக்பீஸ் கோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கோடு. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து மறைந்தது. அறை 31 டிகிரி, எங்கும் சொட்டவில்லை. மேற்பரப்பில் வேகமாக ஆடும் சில துகள்கள் எந்த வெப்பநிலையிலும் தப்பிப்போகும், 100 டிகிரியில் மட்டும்தான் தண்ணீருக்கு உள்ளேயே குமிழி உருவாக முடிகிறது, அதைத்தான் கொதித்தல் என்கிறோம் என்று சொன்னேன்.

இந்த வருடம் வரிசையை மாற்றியிருக்கிறேன். சிலேட்டுச் சொட்டு முதலில், பிறகு வேர்க்கும் டம்ளர், அதன் பிறகு ஐஸ், கெட்டில் கடைசி. கொதிக்கும் படத்தோடு கொடியில் காயும் துணியையும் முதல் நாளே வரையச் சொல்லிவிட்டேன். அந்தத் தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஒரு சிறுமி துணிக்கு மேலேயும் வெள்ளைச் சுருள் வரைந்திருக்கிறாள். நாளை அவளிடம் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்: இந்தச் சுருளை நீ உங்க வீட்டுக் கொடியில் பார்த்தாயா?